கேம்ப் மெஸ் சாப்பாட்டில் இருந்துகொண்டே தொப்பையைக் குறைப்பது எப்படி

வளைகுடாவுக்கு வேலைக்கு வருபவர்களில் பலருக்கு முதல் ஒப்பந்தம் முடிவதற்குள் இடுப்பு நான்கைந்து அங்குலம் ஏறிவிடுகிறது. டிரைவர், ஆபரேட்டர், செக்யூரிட்டி, ஸ்டோர் கீப்பர் என்று உட்கார்ந்தோ நின்றோ 12 மணி நேரம் டியூட்டி பார்ப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். இணையத்தில் கிடைக்கும் டயட் திட்டங்கள் இவர்களுக்கு உதவுவதில்லை. ஓட்ஸ், சாலட், கிரில் சிக்கன் என்று எழுதியிருப்பார்கள். கேம்பிலோ அறையில் அடுப்பு வைக்கவே அனுமதி இருக்காது. மெஸ்ஸில் என்ன போடுகிறார்களோ அதைத்தான் சாப்பிட வேண்டும்.

அதனால் மெஸ் சாப்பாட்டை மாற்றாமலே செய்யக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். சமையல் நம் கையில் இல்லை என்றாலும் மூன்று விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன: என்ன குடிக்கிறோம், எவ்வளவு சோறு வாங்குகிறோம், பக்காலா என்னும் மளிகைக் கடையில் எதற்குக் காசு கொடுக்கிறோம். கொழுப்பு குறைய இந்த மூன்றே போதும்.

முதலில் அளவு எடுங்கள்

தையல்காரர் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கழிவறை போய் வந்தபின், எதுவும் சாப்பிடாமல், தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளவு பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. நம் ஆண்களுக்கான எல்லை ஐரோப்பிய ஆண்களுக்குச் சொல்லப்படுவதைவிடக் குறைவு, ஏனென்றால் நம்மவர்களுக்குக் கொழுப்பு முதலில் வயிற்றுக்குள்தான் சேரும்.

எடை பார்க்க அறையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு மிஷின் வாங்கலாம். இல்லையென்றால் வாரம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பாருங்கள். டியூட்டி முடிந்து வந்ததும் பார்க்க வேண்டாம். கோடையில் வெளியே நின்றவருக்கு வியர்வையில் மட்டும் ஒன்றிரண்டு கிலோ போயிருக்கும். அது வெறும் தண்ணீர், இரவு குடித்ததும் திரும்பி வந்துவிடும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மறுநாள் எடை கூடிவிட்டது என்று மனம் உடைந்து விட்டுவிடுபவர்கள் நிறைய.

எங்கிருந்து ஏறியது என்று ஒரு கணக்கு

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வயது 36, உயரம் 170 செ.மீ. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வரும்போது 75 கிலோ, இரண்டு வருடத்தில் 84 கிலோ. ஏறியது 9 கிலோ. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 9 கிலோவை 730 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 100 கலோரிகூட வரவில்லை. எடை கூடக்கூட உடம்பின் செலவும் கூடும் என்பதால் உண்மையில் மிஞ்சியது அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். ஆனாலும் அவர் பெருந்தீனி தின்று ஏறவில்லை என்பது இதில் தெரிகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சியதுதான் இத்தனை கிலோ.

அவருடைய ஒரு நாள் இப்படிப் போகிறது. விடியற்காலை எழுந்ததும் ஒரு கரக் சாயா. பஸ்ஸில் ஏறும்போது கையில் காலைச் சாப்பாட்டுப் பார்சல், அதில் இரண்டு பரோட்டா, குருமா. பத்து மணிக்கு சமோசா, கரக். மதியம் டப்பாவில் அழுத்தி அடைத்த சோறு, சாம்பார், ஒரு மீன் துண்டு, ஒரு பொரியல். மாலை நான்கு மணிக்கு மீண்டும் கரக், பிஸ்கட். பஸ் திரும்பும்போது ஒரு பெப்சி. இரவு மெஸ்ஸில் சோறும் சிக்கன் கறியும். தூங்கப்போகும் முன் வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டே இன்னொரு கரக்.

இதில் எதுவும் தவறான சாப்பாடு இல்லை. ஆனால் டின் பால் ஊற்றி, இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் காய்ச்சிய கரக் ஒரு கப்பில் சுமார் 100 கலோரி இருக்கும். நான்கு கப் என்றால் 400. பெப்சி டின் ஒன்றில் சுமார் 140. ஆக, வயிறு நிறையாமலே 500 கலோரிக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. அந்த 36 வயதுக்காரருக்கு ஒரு நாள் முழுவதும் தேவை ஏறக்குறைய 2,600 என்று வைத்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு குடிப்பதிலேயே வந்துவிடுகிறது.

முதல் இரண்டு வாரம்: குடிப்பதை மட்டும் மாற்றுங்கள்

சோற்றில் கை வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் சாயாவும் பெப்சியும் மட்டும்தான்.

சாயாவை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. நான்கு மணிக்கு எழுந்து பஸ் பிடிப்பவருக்குச் சாயா தேவைதான். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் கரக் இருக்கட்டும். மற்ற நேரத்தில் சுலைமானி கேளுங்கள். பால் இல்லாத அந்தக் கட்டன் சாயா எல்லாக் கேரளக் கடையிலும் கிடைக்கும். “சேட்டா, ஒரு சுலைமானி, சர்க்கரை வேண்டாம்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வழக்கம்போல மூன்று ஸ்பூன் போட்டுத்தான் தருவார். சர்க்கரை இல்லாமல் குடிக்க முடியவில்லை என்றால் ஒரு ஸ்பூனில் ஆரம்பிக்கலாம். நாக்கு இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

பெப்சி, டியூ, எனர்ஜி டிரிங்க் மூன்றும் ஒரே கணக்குதான். டின்னின் பக்கவாட்டில் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள், நான்கால் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று தெரிந்துவிடும். கட்டாயம் வேண்டும் என்றால் சர்க்கரை இல்லாத வகை பரவாயில்லை. பெட்டிப் பழச்சாறு ஆரோக்கியம் என்று நினைத்துப் பலர் அதற்கு மாறுகிறார்கள். அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரைதான்.

எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. வெயிலில் வேலை செய்பவர் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருந்து ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பது நல்லதல்ல.

மூன்றாம் வாரம்: சோறு

மெஸ்ஸில் சோற்றுக்கு அளவு கிடையாது. கரண்டியால் அள்ளி, அழுத்தி, அதன்மேல் குவித்து வைப்பார்கள். வீட்டில் சாப்பிட்டதைவிட இங்கே சோறு அதிகமாவதற்கு ஒரு காரணம் உண்டு. குழம்பும் பொரியலும் கறியும் அளந்துதான் தருவார்கள், சோறு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள். பசிக்குச் சோற்றையே நம்ப வேண்டியதாகிவிடுகிறது.

சாதாரண அளவுள்ள ஒரு டிபன் டப்பாவையோ கிண்ணத்தையோ உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எத்தனை கிண்ணம் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு நாள் பாருங்கள். மூன்று என்றால் இனி இரண்டு. பாதியாகக் குறைக்க வேண்டாம். பாதியாகக் குறைத்தவர் இரவு பத்து மணிக்குப் பக்காலாவில் கேக் வாங்கிக்கொண்டு நிற்பார். மூன்றில் ஒரு பங்கு குறைப்பது தாங்கக்கூடியது. வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி. நம் உதாரணத்துக்காரர் மதியம் 450 கிராம் சாப்பிட்டால், 150 கிராம் குறைத்தாலே 200 கலோரி போய்விடும்.

மதியப் பார்சலில் ஒரு சிக்கல் இருக்கிறது. டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் கடைசிப் பருக்கை வரை போய்விடுவோம். அதனால் முதல் கவளத்துக்கு முன்பே மூடியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தள்ளி வைத்துவிடுங்கள். கூட வேலை செய்பவர்களில் உடலுழைப்பு அதிகமுள்ள ஹெல்பர் ஒருவர் இருந்தால், “தம்பி, இது உனக்கு” என்று கை படும் முன்பே கொடுத்துவிடலாம். வெயிலில் இரும்பு தூக்குபவருக்கு அந்தச் சோறு உண்மையிலேயே தேவை.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கும் குபூஸ் ரொட்டிக்கும் மாறினால் இளைக்கும் என்று கேம்ப் முழுவதும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய குபூஸ் ஒன்றே 200 கலோரிக்கு மேல் வரும். மூன்று குபூஸ் சாப்பிட்டால் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்ட கணக்குதான். மெஸ் சப்பாத்தியில் எண்ணெயும் சேரும். பிடித்ததைச் சாப்பிடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள்.

காலைப் பரோட்டாவுக்கும் இதே வழிதான். இரண்டுக்குப் பதில் ஒன்று, கூட இரண்டு அவித்த முட்டை. இட்லி போடும் நாளில் யோசிக்கவே வேண்டாம், தாராளமாகச் சாப்பிடலாம்.

கறியில் எண்ணெய் நமக்குத் தெரியாமல் சேரும் இன்னொரு இடம். பெரிய பாத்திரத்தில் எண்ணெய் மேலே ஒரு விரல் அளவு மிதக்கும், கரண்டி முதலில் அதைத்தான் அள்ளும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அதாவது ஒரு கரக்கைவிட அதிகம். மெஸ்ஸில் பரிமாறுபவரிடம், “அண்ணே, மேல எண்ணெய் வேண்டாம், அடியில இருந்து துண்டும் கிரேவியும் போடுங்க” என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். பருப்பும் சாம்பாரும் இரண்டாவது கரண்டி கேட்டு வாங்குங்கள். சோறு குறைந்த இடத்தை அது நிரப்பும்.

பக்காலாவில் வாங்க வேண்டியவை

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். தசை போனால் கை கால் சூம்பி, வயிறு மட்டும் நிற்கும். அதைத் தடுக்கப் புரதம் வேண்டும். மெஸ் சாப்பாட்டில் குறைவாக இருப்பதும் அதுதான். நம் உதாரணத்துக்காரருக்கு நாளைக்கு 90 கிராம் அளவு புரதம் இருந்தால் நல்லது. மெஸ்ஸில் கிடைப்பது பெரும்பாலும் 50, 60 கிராம். மீதி 30 கிராமை நாமே சேர்க்க வேண்டும்.

இதற்குப் பவுடர் தேவையில்லை. முட்டை ஒன்றில் 6 கிராம். 30 முட்டைத் தட்டு ஒன்றை அறையில் பங்கு போட்டு வாங்கி, மெஸ் சமையல்காரரிடம் சொல்லி அவித்து வாங்கிக்கொள்ளலாம். அறைக்குள் ஹீட்டர் கம்பி வைத்தோ கெட்டிலிலோ அவிக்காதீர்கள், தீ விபத்துக்கும் அபராதத்துக்கும் அதுவே வழி. தண்ணீரில் போட்ட டூனா டின் ஒன்றில் 25 கிராம் அளவு புரதம் கிடைக்கும். எண்ணெயில் போட்டதை வாங்கினால் எண்ணெயை முழுவதும் வடித்துவிடுங்கள். வாரத்துக்கு மூன்று நான்கு டின் போதும். நாம் மோர் என்று நினைத்துக் குடிக்கும் லபன், கொழுப்பு குறைந்த வகையில் அரை லிட்டர் வாங்கினால் 15 கிராம் வரை புரதம் தரும், வெயிலுக்கும் நல்லது. பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுத்த கொண்டைக்கடலை இருக்கட்டும், அது கெட்டுப்போகாது. பத்து மணிச் சமோசாவுக்குப் பதில் அதுவோ முட்டையோ.

முட்டையை ஓட்டோடு காலையில் எடுத்துப்போனால் பத்து மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கோடையில் மதியம் வரை சூட்டில் வைத்த முட்டையை நம்பக் கூடாது. மதியப் பார்சலும் அப்படித்தான். விடியற்காலையில் கட்டிய சாம்பார் மூடியைத் திறந்ததும் புளிப்பு வாடை அடித்தால், நுரை கட்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். அப்படிப்பட்ட நாளுக்குத்தான் பையில் கடலையும் ஒரு டூனா டின்னும். அது இல்லாதவர் கடைக்குப் போய் பொரித்ததைத்தான் வாங்குவார்.

இப்படி மாற்றியபின் நம் உதாரணத்துக்காரரின் கணக்கைப் பார்ப்போம். இரண்டு கரக் குறைந்ததில் 200, பெப்சியில் 140, மதியச் சோற்றில் 200, இரவுச் சோற்றில் 150, ஒரு பரோட்டாவும் சமோசாவும் போனதில் 450. மொத்தம் 1,100 கலோரிக்கு மேல் குறைகிறது. முட்டை, டூனா அல்லது லபன், கடலை என்று 500 வரை திரும்பச் சேர்கிறது. நாளுக்கு ஏறக்குறைய 600 குறைவாகச் சாப்பிடுகிறார். முன்பு மிஞ்சியதைக் கழித்துப் பார்த்தால் மாதம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இறங்கும். இதைவிட வேகம் தேவையில்லை.

தூக்கம்

ஓவர்டைம் முடிந்து பஸ் கேம்புக்கு வர எட்டு மணி, குளியலறை வரிசை, மெஸ் வரிசை, வீட்டுக்குப் போன். தூங்கப் பதினொன்று ஆகிவிடும். மறுபடி நான்கரைக்கு அலாரம். தூக்கம் இப்படி ஐந்தரை மணி நேரமாகக் குறைந்தால் மறுநாள் பசி அதிகரிக்கும், அதுவும் இனிப்புக்கும் பொரித்ததற்கும்தான் மனம் போகும். மனவுறுதி இல்லாததால் வருவது அல்ல, உடம்பு அப்படித்தான் கேட்கும்.

அறையில் ஆறு பேர் மூன்று ஷிஃப்டில் இருந்தால் விளக்கு அணையாது. கட்டிலைச் சுற்றிக் கனமான துணித் திரை கட்டுங்கள், பஞ்சு போன்ற காது அடைப்பான் பார்மசியில் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்குப் பேசுவதைக் குளியலுக்கு முன், வரிசையில் நிற்கும் நேரத்திலேயே முடித்துவிட்டால் ஒரு அரை மணி மிஞ்சும்.

இரவு டியூட்டிக்காரர்கள் முழுச் சாப்பாட்டை டியூட்டிக்குப் போகும் முன் சாப்பிடுங்கள். நள்ளிரவில் முட்டையோ லபனோ போதும். மூன்று மணிக்குச் சாப்பிடும் பிரியாணி தூக்கத்தைத்தான் கொடுக்கும். கடைசிச் சாயாவை நீங்கள் தூங்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி யாருக்கு

வெயிலில் தூக்கிச் சுமக்கும் வேலை செய்பவர் கோடையில் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ஐக்கிய அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த நேரம் நிழலில் படுத்து ஓய்வெடுக்கத்தான், நடந்து எடை குறைக்க அல்ல.

உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கேம்ப் வளாகத்தில் 20 நிமிட நடை போதும். வாரம் மூன்று நாள் கட்டில்களுக்கு நடுவே தண்டாலும் பஸ்கியும் எடுங்கள். பத்து பத்தாக மூன்று சுற்று. தண்டால் வராதவர் கட்டில் கம்பியில் கை வைத்துச் சாய்ந்து எடுக்கலாம். இது எடையை அவ்வளவாகக் குறைக்காது, தசையைக் காப்பாற்றும். இந்தப் பயிற்சிக்கு ஏற்ற நல்ல காலம் நவம்பர் முதல் மார்ச் வரை.

எங்கே நிறுத்த வேண்டும்

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சில மாத்திரைகளோடு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை திடீரென இறங்கிக் கை நடுங்கும், கண் இருட்டும். ஃபோர்க்லிஃப்டிலோ சாரத்திலோ இருக்கும்போது அது நடந்தால் உயிருக்கு ஆபத்து. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும் எடை இறங்க இறங்க அளவை மாற்ற வேண்டி வரலாம்.

கோடையில் வெளி வேலை செய்பவர் ஒரு வேளையை விட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. தலைவலி, வாந்தி, தசை இழுப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போய்ச் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். பேச்சுக் குழறி, குழப்பமாக நடந்துகொள்பவரை உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும். அது வெப்பத் தாக்கு, காத்திருக்க நேரமில்லை. வியர்க்க வைக்கும் ரப்பர் பெல்ட் தண்ணீரை மட்டும்தான் எடுக்கும், இந்த ஊர் வெயிலில் அது அபாயம். கை மாறி வரும் “கொழுப்புக் கரைப்பு” மாத்திரைகளில் இதயத் துடிப்பைக் கெடுக்கும் மருந்துகள், லேபிளில் இல்லாமலே கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

இறங்காமல் நின்றால்

ஒரு வாரம் எடை நின்றால் எதையும் மாற்றாதீர்கள். ஊறுகாயும் உப்பும் கூடிய ஒரு நாள், தூக்கமில்லாத இரவு, இவையே ஒரு கிலோ தண்ணீரைப் பிடித்து வைக்கும். மூன்று வாரம் எடையும் இடுப்பும் இரண்டுமே அசையவில்லை என்றால்தான் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது லீவு நாள். அறையில் எல்லோரும் சேர்ந்து பிரியாணி வாங்கி ஒரே பெரிய தட்டில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. அதை விட வேண்டாம், அறைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே பெரிய ஆறுதல். “மச்சான், எனக்கு மட்டும் தனித் தட்டுல வை” என்று சொல்லிவிட்டு அதே வட்டத்தில் உட்காருங்கள். தட்டு காலியானதும் எழுந்து கை கழுவிவிடுங்கள். மூன்று வாரம் அப்படிச் செய்தும் நகரவில்லை என்றால், இரவுச் சோற்றில் இன்னும் அரைக் கிண்ணம் குறைத்துப் பாருங்கள்.

எடை நின்று இடுப்பு மட்டும் இறங்கினால் சரியாகத்தான் போகிறது, எதையும் தொடாதீர்கள். ஊருக்கு லீவில் போய் வந்தவர், திரும்பிய முதல் வாரம் எடை பார்க்க வேண்டாம். மெஸ் சாப்பாட்டுக்கு உடம்பு திரும்பி இரண்டு வாரம் ஆனபின் டேப்பை எடுத்து, அந்த அளவிலிருந்து மறுபடி சாயாவில் ஆரம்பியுங்கள்.